71 என்று வந்த ரிப்போர்ட்: ஹாக்கி மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி, கிளப், மாவட்ட ஹாக்கி அணிகளைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர்களுக்கு வணக்கம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் மகன் 17 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றில் நடுக்களத்தில் ஆடுகிறான். போன மாதம் அணியின் உடல்தகுதி ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. அவன் பெயருக்கு நேரே ‘30 மீட்டர் ஓட்டம், பெர்சன்டைல் 71’ என்று போட்டிருந்தது. அவனுடைய மாமா போன் போட்டு, “ஃபர்ஸ்ட் கிளாஸ்டா மாப்ளே” என்றார். பையன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் சொன்னான்: “அப்பா, அன்னைக்கு பத்து பேர் என்னைவிட வேகமா ஓடினாங்க.”

பெர்சன்டைல் 71 என்றால் மற்றவர்களில் நூற்றுக்கு 71 பேரை முந்தினான் என்று அர்த்தம். பதினைந்து பேர் அணியில் பத்து பேர் அவனை முந்தியிருந்தால் 71 எப்படி வரும்? ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், நல்லவேளையாக, எல்லோருடைய நேரமும் விநாடியில் இருந்தது. வரிசைப்படுத்தி எழுதிப் பார்த்தேன்:

4.31, 4.36, 4.40, 4.42, 4.45, 4.46, 4.48, 4.50, 4.51, 4.53, 4.55, 4.58, 4.63, 4.71, 5.02

என் மகன் ஓடிய நேரம் 4.55. பதினோராவது இடம். அவன் சொன்னது சரி, ரிப்போர்ட் சொன்னது தப்பு. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எக்செலில் இருக்கும் இந்தக் கணக்கை அப்படியே போட்டிருக்கிறார்கள்:

```
=PERCENTRANK.INC(B2:B16,B7)
```

இந்தச் சூத்திரத்துக்கு ஹாக்கி தெரியாது, ஓட்டமும் தெரியாது. அவனைத் தவிர்த்த 14 பேரில் எத்தனை பேருடைய எண் அவனுடையதைவிடச் சின்னது என்று மட்டும் பார்க்கும். பத்து பேருடையது சின்னது. பத்தைப் பதினான்கால் வகுத்தால் 0.714. அதுதான் அந்த 71. எகிறிக் குதிக்கிற உயரத்துக்கும் யோ-யோ டெஸ்டுக்கும் இது சரி, அங்கே எண் பெரிதாக இருந்தால் நல்லது. ஓட்டத்தில் எண் சின்னதாக இருந்தால்தான் நல்லது. ஆகவே இப்படிப் போட வேண்டும்:

```
=1-PERCENTRANK.INC(B2:B16,B7)
```

விடை 0.286, அதாவது 29. அவனைவிட மெதுவாக ஓடியவர்கள் நான்கு பேர். நான்கைப் பதினான்கால் வகுத்தாலும் அதே 29 வரும், சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் குதிப்புக்குப் போட்ட சூத்திரத்தையே ஓட்டத்துக்கும் இழுத்து விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நானே மார்க் ஷீட்டில் இதைவிடப் பெரிய கூத்து செய்திருக்கிறேன். ஆனால் இந்தத் தப்பு தானாக வெளியே தெரியாது. 71-ம் 29-ம் பார்ப்பதற்கு ஒரே மாதிரி நியாயமான எண்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அணியிலேயே வேகமான பையனின் வரிசையைப் பார்ப்பது. அவன் பெயருக்கு நேரே 100 இல்லாமல் 0 இருந்தால் கணக்கு தலைகீழ்.

அதே பக்கத்தில் பாக்ஸ் பிளாட் படமும் இருந்தது. நின்ற வாக்கில் ஒரு பெட்டி, மேலும் கீழும் மீசை மாதிரி கோடு. பெட்டிக்குள் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே சிவப்புப் புள்ளி வைத்து மகன் பெயர் எழுதியிருந்தது. மீசைக்கும் மேலே, தனியாக இன்னொரு புள்ளி. அந்தத் தனிப் புள்ளிதான் அணியின் நட்சத்திர ஓட்டக்காரன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அது 5.02. அணியிலேயே மெதுவான நேரம்! உயரத்தில் இருந்தால் உசத்தி என்று கண் தானாக முடிவு செய்துவிடுகிறது. ஓட்டத்துக்கான படத்தில் அச்சைத் தலைகீழாக்கி, வேகமானவர்கள் மேலே வருவதுபோல் வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை. முடியாவிட்டால் ‘கீழே இருந்தால் வேகம்’ என்று ஓரத்தில் மூன்று வார்த்தை எழுதினாலும் போதும்.

பெட்டியை எப்படிப் படிப்பது என்று பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பதினைந்து நேரங்களில் நடுவில் இருக்கும் எட்டாவது நேரம் 4.50. அதுதான் இடைநிலை அளவு, பெட்டிக்குள் போகும் குறுக்குக் கோடு. அதற்குக் கீழே உள்ள ஏழு நேரங்களின் நடு 4.42, மேலே உள்ள ஏழின் நடு 4.58. இவை இரண்டும் பெட்டியின் விளிம்புகள். அணியின் நடுப்பாதி இந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது, அதன் உயரம் வெறும் 0.16 விநாடி. மீசை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜான் டூக்கி என்ற புள்ளியியலாளர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு: பெட்டி உயரத்தின் ஒன்றரை மடங்கு வரை. இங்கே அது 0.24. ஆக 4.82 வரை போகலாம். அதற்குள் இருக்கும் கடைசி ஆள் 4.71, மீசை அங்கே நின்றுவிடும். 5.02 எல்லைக்கு வெளியே, அதனால் தனிப் புள்ளி.

(பெட்டியின் விளிம்புகளான கால்மானங்களை எக்செலில் கணக்கிட இரண்டு வழி இருக்கிறது. `QUARTILE.EXC` போட்டால் விளிம்புகள் 4.42, 4.58. `QUARTILE.INC` போட்டால் 4.435, 4.565. போன தடவை ஒன்று, இந்தத் தடவை இன்னொன்று என்று மாற்றினால் யாரும் ஓடாமலேயே பெட்டி சுருங்கிவிடும்.)

பலரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று. படத்தில் நீளமாக இருக்கும் பகுதியில் நிறைய பேர் இருப்பதாகத் தோன்றும். நிஜத்தில் ஒவ்வொரு பகுதியிலும் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர்தான். குட்டையான பகுதி என்றால் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நீளமான பகுதி என்றால் தள்ளித்தள்ளி நிற்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் க்யூ நிற்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் அதே எண்ணிக்கைதான், இடைவெளிதான் வேறு.

இந்த இடைவெளியைத்தான் பெர்சன்டைல் முழுங்கிவிடுகிறது. என் வருத்தம் எல்லாம் இதில்தான். மகனுக்கு 29. அவனுக்கும் அணியின் நடுவுக்கும் வித்தியாசம் 0.05 விநாடி. அவன் 4.55-க்குப் பதில் 4.45 ஓடியிருந்தால்? ஐந்தாம் இடத்தைப் பங்குபோட்டிருப்பான், மெதுவானவர்கள் ஒன்பது பேர், பெர்சன்டைல் 64-க்கு மேல். பத்தில் ஒரு விநாடிக்குக் குறைந்தது 35 புள்ளி ஏற்றம். இப்போது கடைசி இருவரைப் பாருங்கள். 4.71 ஓடியவனுக்கு 7, 5.02 ஓடியவனுக்கு 0. அங்கே 0.31 விநாடி வித்தியாசத்துக்கு வெறும் ஏழு புள்ளி. நெரிசலான நடுவில் ஒரு துளி அசைந்தால் பெர்சன்டைல் எகிறுகிறது, விலகி நிற்கும் ஓரத்தில் பெரிய தூரத்தைக்கூட அது கண்டுகொள்வதில்லை. 29 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் பையன் ரொம்பப் பின்தங்கிவிட்டதாகப் படும். பெட்டியைப் பார்த்தால் கூட்டத்தோடுதான் நிற்கிறான் என்று தெரியும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அந்தப் பத்தில் ஒரு விநாடி எங்கிருந்து வந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப் பக்கம் ஒருவர் கைக்குட்டையை இறக்க, இந்தப் பக்கம் ஒருவர் ஸ்டாப்வாட்சை அமுக்கித்தான் நேரம் எடுத்தார்கள். கட்டைவிரல் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். தடகளத்தில் 100 மீட்டரைக் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டும் வழக்கம் உண்டு. கையால் எடுத்த நேரம் அந்த அளவுக்கு விலகும். நம் பெட்டியின் மொத்த உயரமே 0.16 என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது தசமத்தை நம்பி நடுப்பாதி ஆட்களை வரிசைப்படுத்துவது, தராசு ஆடிக்கொண்டிருக்கும்போதே எடை போடுவது மாதிரி.

அடுத்தது, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. 5.02 ஓடிய பையன் இரண்டாம் கோல்கீப்பர். 4.63 முதல் கோல்கீப்பர். அவர்கள் வேலை 30 மீட்டர் ஓடுவது இல்லை. இருவரையும் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்: மீதி 13 பேர், இடைநிலை 4.48, மகனைவிட மெதுவானவர்கள் இரண்டே பேர். பெர்சன்டைல் 29-லிருந்து 17. பையன் ஓட்டத்தில் ஒரு நூல்கூட மாறவில்லை. அப்பனாக எனக்கு 29 பிடிக்கும்தான், ஆனால் களத்தில் ஓடுகிறவர்களோடு ஒப்பிடும் 17-தான் நேர்மையான எண். அந்த இரண்டாம் கோல்கீப்பரை நினைத்தும் சங்கடமாக இருந்தது. அவன் பெயர் ஒரு தனிப் புள்ளியாக எல்லோர் போனுக்கும் போயிருக்கிறது. எல்லைக்கு வெளியே விழும் புள்ளியைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, என்ன ஆச்சு என்பது. வழுக்கினானா, தொடையில் பிடிப்பா, வாட்சை அமுக்க மறந்தார்களா, வேறு வேலைக்கான ஆளா. பதில் கிடைத்த பிறகு அனுப்பலாம்.

ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை மாஸ்டர். பெர்சன்டைலுக்குப் பக்கத்திலேயே விநாடியையும், அணியின் இடைநிலையையும், எத்தனை பேரோடு ஒப்பிட்டது என்பதையும் போடுங்கள். ‘13 பேரில் 11-ஆம் இடம், 4.55 விநாடி, நடு 4.48’ என்று ஒரு வரி இருந்தால் அவன் மாமாவுக்கே புரியும். இவ்வளவு சின்ன அணியில் ஒரு ஆள் நகர்ந்தால் எட்டுப் புள்ளி மாறும். அதனால் மூன்று மாதம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் 17 என்பது 25 ஆனால் முன்னேற்றம் என்று எழுதாதீர்கள். அவனுடைய பழைய விநாடியோடு புதிய விநாடியை ஒப்பிடுங்கள். மெதுவான புதுப் பையன் ஒருவன் அணியில் சேர்ந்தாலும் என் மகனின் பெர்சன்டைல் ஏறிவிடும்.

லேசர் கேட் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது, பந்து வாங்கவே நீங்கள் படும் பாடு தெரியும். தடகளத்தில் கையால் நேரம் எடுக்கும்போது மூன்று பேர் எடுப்பார்கள். மூன்றும் வேறுவேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். அதையே நாமும் செய்யலாம். எங்கள் பள்ளியில் இரண்டு ஸ்டாப்வாட்ச் சும்மா கிடக்கிறது, மூன்றாவது உங்களிடம் இருக்கிறது. அடுத்த டெஸ்ட் என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள், காலை ஐந்தரைக்கு நான் மைதானத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நடுக்கள வீரனின் அப்பா