‘ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியம்’: வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவின் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் புகார்க் கோப்பு உங்களிடமே இருப்பதால் நடந்ததை முழுவதும் திரும்பச் சொல்லவில்லை. மார்ச் 3ஆம் தேதி உங்கள் ஏ.டி.எம்.மில் பணம் வெளியே வரவில்லை. கணக்கில் 10,000 ரூபாய் கழிந்துவிட்டது. 27ஆம் தேதி அது திரும்ப வந்தது. அதே நாளில் உங்கள் பிரிவிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதி, தமிழில், அம்மாவின் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆங்கிலத்தில் வந்த கடிதத்தின் சாரம் இதுதான்: “தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். வங்கித் தரப்பில் பிழை எதுவும் இல்லாதபோதும், எவ்விதப் பொறுப்பையும் ஏற்காமல், நல்லெண்ண அடிப்படையில் தொகை வரவு வைக்கப்படுகிறது.”

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெருமுனை மருந்துக்கடைத் தம்பியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடையில்தான் அந்த மாதம் அவருக்குக் கடன். அதற்குமேல் கடன் சொல்லக் கூச்சப்பட்டு, இரவு போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் பத்து நாளுக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார். அவருக்கு வயது 71. ‘ஏற்பட்டிருக்கக்கூடிய’ என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏ.டி.எம். துண்டுச்சீட்டைப் பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். அந்தத் தாளில் எழுத்து நாள் பட நாள் வெளுத்துக்கொண்டே போகும். 12ஆம் தேதி உங்கள் முதல் பதில் வந்தது: “பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது.” அன்று இரவு போனில் என்னிடம் கேட்டார்: “எழுத்து சுத்தமா மறைஞ்சு போச்சுன்னா, நான் பொய் சொல்றேன்னு ஆகிடுமாடி?”

நான் வேறொரு வங்கியில் குறைதீர்ப்பு மேசையில் பல ஆண்டுகள் இருந்தவள். இத்தகைய பதில்களை நானே எழுதி, சட்டப் பிரிவுக்கு அனுப்பி, அவர்கள் அடித்துத் திருத்தியதை வாங்கி அனுப்பியிருக்கிறேன். சட்டப் பிரிவின் பயம் வெறும் பயம் இல்லை. மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்து அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று இங்கிலாந்தில் 2006இல் சட்டமே இயற்றினார்கள். நம் நாட்டில் அப்படிப் பொதுவான பாதுகாப்பு இல்லை. “எங்கள் கவனக்குறைவால்” என்று எழுதிவிட்டால் நாளை நுகர்வோர் ஆணையத்தில் அந்த வரியை உங்களுக்கு எதிராகவே காட்டலாம். அதை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் பொறுப்பை ஏற்பது வேறு, நடந்ததைச் சொல்வது வேறு. ஏ.டி.எம். இயந்திரம் தானாகவே எழுதிக்கொள்ளும் இ.ஜே. என்ற மின் பதிவில் ‘வெற்றி’ என்று இருந்தால், பணத்தை எண்ணி வெளியே தள்ளியதாக இயந்திரம் குறித்துக்கொண்டது என்றுதான் பொருள். அது அம்மாவின் கைக்கு வந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. நோட்டு வாயிலில் சிக்கியிருக்கலாம், உள்ளே ரிஜெக்ட் பெட்டியில் விழுந்திருக்கலாம். இயந்திரத்தில் இருக்கும் பணத்தை எண்ணிக் கணக்கோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அப்படி எண்ணியபோது 10,000 ரூபாய் கூடுதலாக இருந்தது என்று கிளையில் எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். கடிதத்தில் ஏன் அது இல்லை? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் கேட்டால் அந்தக் கணக்கை நீங்கள் எப்படியும் காட்டியாக வேண்டும். அதை முன்கூட்டி அம்மாவிடம் சொல்வதால் உங்களுக்கு எந்தப் புது நஷ்டமும் இல்லை. அவருக்கோ, தான் பொய் சொல்லவில்லை என்பது எழுத்தில் கிடைக்கும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“அம்மா, மார்ச் 3ஆம் தேதி பணம் கைக்கு வரவில்லை என்று நீங்கள் அன்றே கிளையில் சொல்லியிருக்கிறீர்கள். 12ஆம் தேதி நாங்கள் அனுப்பிய பதில், மின் பதிவை மட்டும் பார்த்து எழுதியது. பிறகு இயந்திரத்தில் இருந்த பணத்தை எண்ணியபோது 10,000 ரூபாய் கூடுதலாக இருந்தது. அது உங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஓய்வூதியத்தை வைத்துக் குடும்பம் நடத்தும் உங்களுக்கு 24 நாட்கள் அந்தப் பணம் இல்லாமல் இருந்தது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குப் புரிகிறது. அதற்காக வருந்துகிறோம். இந்தக் கடிதம் உங்களுடைய சட்ட உரிமைகளையோ எங்களுடையவற்றையோ பாதிக்காது.”

இதில் ‘தவறு’ என்ற சொல் இல்லை, ‘அலட்சியம்’ இல்லை, காரணம் யார் என்ற தீர்ப்பும் இல்லை. அவர் சொன்னது, நீங்கள் பார்த்தது, செய்தது, அவ்வளவுதான் இருக்கிறது. வருத்தம் அவர் பட்ட சிரமத்துக்கு. ‘கூடிய’, ‘இருப்பின்’ என்ற ஒட்டுகள் அதில் இல்லை. உங்களைக் காக்கும் வரி கடைசியில் ஒரே ஒரு முறை வருகிறது, அது இரு தரப்புக்கும் பொதுவாகவும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அந்த மறுப்பு வருத்தத்தை ஒட்டியே வருகிறது. அதனால் வருத்தமும் மறுப்பின் ஒரு பகுதியாகிவிட்டது.

‘நல்லெண்ண அடிப்படையில்’ என்ற சொல்லை மட்டும் என்னால் விட முடியவில்லை. இயந்திரத்தில் கூடுதலாக இருந்தது அம்மாவின் பணம். அவருடைய பணத்தை அவருக்குத் திருப்பித் தருவது தயவு ஆகாது. அதோடு, ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை உங்களுக்குத் தெரியாதது அல்ல. பணம் வராமல் கணக்கில் கழிந்தால் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலேயே சேர்க்க வேண்டும். 8ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டிய பணம் 27ஆம் தேதி வந்தது. 19 நாள், 1,900 ரூபாய். இன்றுவரை வரவில்லை. இதைக் கொடுப்பதால் அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. நாள் கடந்தாலே தர வேண்டிய தொகை இது. “ரிசர்வ் வங்கி விதிப்படி 19 நாள் தாமதத்துக்கு 1,900 ரூபாய் சேர்க்கப்பட்டுள்ளது” என்ற ஒரு வரி போதும். கனிவான சொற்களைச் சேர்த்துவிட்டு இந்த வரியை விட்டுவிட்டால், அந்தக் கனிவை நான் நம்பமாட்டேன்.

சொல்லத் தொடங்கினால் நிறைய இருக்கிறது. கிளைக்குப் போனால் கட்டணமில்லா எண்ணைக் கொடுக்கிறார்கள். அந்த எண்ணில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லி, கடைசியில் கிளைக்கே போகச் சொல்கிறார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டுக் கணக்குத் தொடங்கிய பெண்ணுக்கு ஆங்கிலத்தில் பதில் போகிறது. பதிலில் திருப்தி இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதுகூட உங்கள் இரண்டு கடிதங்களிலும் இல்லை. வயதானவர்கள் அலைந்து களைத்து விட்டுவிடுவார்கள் என்று யாரோ கணக்குப் போட்டது போலவே இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு வருகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்த நாற்காலியில் இருந்த எனக்குத் தெரியும்.

ஆகவே தயவுசெய்து மார்ச் 27 கடிதத்தைத் திரும்பப் பெற்று, திருத்திய கடிதத்தைத் தமிழில் அனுப்புங்கள். என் வரிகளையே எடுத்துக்கொண்டாலும் சரி, உங்கள் சட்டப் பிரிவு திருத்திக்கொண்டாலும் சரி. இயந்திரத்தில் பணம் கூடுதலாக இருந்தது என்ற வரியை மட்டும் அடித்துவிட வேண்டாம். அந்தத் துண்டுச்சீட்டில் எழுத்து முழுக்க மறைந்துவிட்டது. அம்மா இன்னும் அதைத் தூக்கிப் போடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்