விடுதியில் இருக்கும் மகளுக்கு: முதல் நாள் குளிசை பற்றி

திருக்கோவில்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பக்கத்தில் பிள்ளைகள் நின்றதால் நீயும் வாய்விட்டுக் கேட்கவில்லை, நானும் முழுசாகச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அம்மா இத்தனை வருசமாகப் பாமசியில் நிற்கிறேன். உன் வயசுப் பிள்ளைகளின் தாய்மார் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பதும் மாதவிடாய் நோவுக்குப் போடும் குளிசையைப் பற்றித்தான்.

நீ சொன்னதை வைத்தே பார்ப்போம். விடிய ஐந்தரைக்கு அடிவயிறு பிடிக்கத் தொடங்கியது. வகுப்பு இருக்கிறதென்று பொறுத்துக்கொண்டாய். பதினொரு மணிக்கு முடியாமல் போக, வெறும் பிளேன்ரீயோடு மெபனமிக் அசிட் 500 ஒன்று போட்டாய். கொஞ்ச நேரத்தில் சத்தி. பிறகு பக்கத்துக் கட்டில் பிள்ளை தந்த இபுபுரூஃபன் 400. பின்னேரம் திரும்பவும் மெபனமிக். இரவு வரைக்கும் நோ குறையவில்லை, நெஞ்செரிவு வேறு. அதற்குப் பிறகு “எனக்கு அந்தக் குளிசை வேலை செய்யாதம்மா” என்கிறாய்.

குளிசையில் பிழை இல்லை மகள், போட்ட நேரம்தான் பிழை. மாதவிடாய் தொடங்கும்போது கர்ப்பப்பையின் உட்சவ்வில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிவது அதுதான். அது கூடினால் சத்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்றும் வரும். மெபனமிக்கும் இபுபுரூஃபனும் அந்தப் பொருள் புதிதாக உண்டாவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே உண்டாகிப் பரவியதை அவை அழிப்பதில்லை. அதனால் ஐந்தரைக்குப் போட்டால் நன்றாகக் கேட்கும் குளிசை, பதினொரு மணிக்குப் போட்டால் பாதிதான் கேட்கும். பொறுத்துப் பார்த்து, தாங்க முடியாவிட்டால் மட்டும் போடுவது என்ற பழக்கத்தை விடு. நோ தொடங்கிய உடனே, அல்லது இரத்தம் கண்ட உடனே, எது முந்துகிறதோ அப்போதே முதல் குளிசை.

அந்தப் பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பது. குளிசை அதையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. வெறும் வயிற்றில் போடாதே என்று நாங்கள் உறையில் எழுதித் தருவது அதற்காகத்தான். பிளேன்ரீ சாப்பாடு இல்லை. விடியப்புறம் விடுதிச் சாப்பாடு வராது என்று எனக்குத் தெரியும். அலுமாரியில் கிறீம் கிறக்கர் பக்கற் ஒன்றும் வாழைப்பழமும் வைத்திரு. மூன்று நாலு பிஸ்கற் சாப்பிட்டு, ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீரோடு குளிசையை விழுங்கு.

அடுத்த முறை இப்படிச் செய். ஐந்தரைக்கு நோ தொடங்கினால் பிஸ்கற்றோடு ஒரு 500. மத்தியானம் ஒன்றரைக்குச் சோறு சாப்பிட்டபின் இரண்டாவது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குச் சாப்பிட்டபின் மூன்றாவது. அவ்வளவுதான், ஒரு நாளுக்கு 1500 மில்லிகிராம். உன் வயசுக்கு அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. மெபனமிக் அளவுக்கு மிஞ்சினால் வலிப்பு வரக்கூடிய மருந்து. இரண்டாம் நாளும் அதே மூன்று வேளை. நோ இல்லாவிட்டாலும் முதல் ஒன்றரை நாளுக்கு வேளை தவறாதே, இடையில் விட்டால் திரும்ப ஏறிவிடும். மூன்றாம் நாள் பார்த்து நிறுத்து. போட்டவுடன் சத்தி எடுத்து, குளிசை முழுசாக வெளியே வந்ததைக் கண்டால் மட்டும் இன்னொன்று போடலாம். சந்தேகமென்றால் அடுத்த வேளை வரை விட்டுவிடு.

உறையையும் கவனி. சில கடையில் மெபனமிக் 250 கப்சியூலாகத் தருவார்கள், அதில் இரண்டு சேர்ந்துதான் ஒரு வேளை. 500 குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு “எப்பவும் இரண்டுதானே” என்று இரண்டு போட்டால் பிழை. பெயரும் மில்லிகிராமும் எழுதாத உறையில் வரும் குளிசையை, யார் தந்தாலும் தொடாதே.

மெபனமிக்கோடு இபுபுரூஃபன் போட்டதுதான் எனக்குக் கோபம். இரண்டும் ஒரே இனம். சேர்த்தால் நோ இரட்டிப்பாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகத்துக்கு வரும் பாரமும்தான் கூடும். டைக்ளோபெனாக்கும் அதே இனம்தான். மெபனமிக் உனக்கு ஒத்துவராமல் வயிற்றோட்டம் வந்தால் அதை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் இபுபுரூஃபன் பார்க்கலாம்: சாப்பாட்டுக்குப் பின் 400, நாளுக்கு மூன்று வேளை, மொத்தம் 1200. டொக்டர் சொல்லாமல் அதைத் தாண்டாதே. ஒரு மாதத்துக்கு இந்த இரண்டு மருந்தில் ஒன்றுதான். இடையில் நோ மிஞ்சினால் பனடோல் வேறு இனம், அதைச் சேர்க்கலாம்: 500 குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு எட்டுக்கு மேல் இல்லை. சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வை. அதுவும் உண்மையாகவே வேலை செய்யும்.

இந்தக் குளிசை போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்று அம்மம்மா சொல்வதை நீயும் கொஞ்சம் நம்புகிறாய் என்று நினைக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் அளவோடு போடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. அம்மம்மாவோடு வாதாடாதே, உள்ளிக் கஞ்சி தந்தால் குடி. குளிசைக்கு முன் வயிற்றில் ஏதும் இருந்தால் நல்லதுதானே.

ஒன்றை மட்டும் தவறவிடாதே. மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் டெங்கு வரும். காய்ச்சல் இருக்கும்போது மாதவிடாய் வந்தால் மெபனமிக்கும் வேண்டாம், இபுபுரூஃபனும் வேண்டாம், பனடோல் மட்டும். டெங்கில் இரத்தத்தட்டுகள் குறையும். அந்த நேரம் இந்தக் குளிசைகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். காய்ச்சலோடு வழமையைவிட அதிகமாக இரத்தம் போனாலும் மேற்றனிடம் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் கூட்டாளிக்கு ஆஸ்மா இருக்கிறது என்றாயே, அவளுக்கு உன் குளிசையைக் கொடுக்காதே. சிலருக்கு இந்த இனம் மூச்சு இழுப்பை உடனே கிளப்பிவிடும். உனக்கே குளிசை போட்ட நாட்களில் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, மேல்வயிறு விடாமல் எரிந்தாலோ நிறுத்திவிட்டு எனக்கு போன் பண்ணு.

இப்படி ஒழுங்காக மூன்று மாதம் போட்டுப் பார். முதல் நாள் நீ வகுப்பில் இருக்க முடிந்தால் போதும், நோ ஒரேயடியாக இல்லாமல் போக வேண்டும் என்றில்லை. அப்படியும் படுக்கையில் கிடந்தாலோ, மாதத்துக்கு மாதம் கூடினாலோ, மாதவிடாய் இல்லாத நாளிலும் அடிவயிறு நொந்தாலோ, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் மாற்ற வேண்டி வந்தாலோ, பெண்நோயியல் டொக்டரிடம் காட்ட வேண்டும்; கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்றது அதற்கு வெளியே வளரும் எண்டோமெற்றியோசிஸ் போல வேறு காரணம் இருக்கலாம். ஸ்கான் எடுப்பதும் ஹோர்மோன் குளிசையும் அவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விசயம். கலண்டரில் ஒவ்வொரு முறையும் நோ தொடங்கிய நேரம், குளிசை போட்ட நேரம், எத்தனை என்று குறித்துவை. அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

சனிக்கிழமை அப்பா அக்கரைப்பற்று பஸ்ஸில் வருகிறார். 500 மெபனமிக் ஒன்பதும், பனடோல் ஒரு அட்டையும், பிஸ்கற்றும் அவரிடம் தந்துவிடுகிறேன். இருக்கும் பழைய உறைகளை அவரிடம் கொடுத்துவிடு.

அம்மா