முழு எண்ணாக்கியதன் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வரவில்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். "தசமங்களை முழு எண்ணாக்கியதால் வந்த சிறு வேறுபாடு" என்று பதில் போட்டுவிட்டீர்கள். புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் படித்ததும் காப்பி இறங்கவில்லை.

உங்கள் அட்டவணை இது. குடும்பச் செலவில் அந்த இனத்தின் பங்குதான் நிறை; அடிப்படை ஆண்டு விலையை 100 என்று வைத்தால் இப்போதைய விலை எவ்வளவு என்பது விலைச் சார்பு. உணவு: நிறை 45, விலைச் சார்பு 152. எரிபொருள்: 8, 154. துணி: 7, 140. வாடகை: 12, 125. இதர செலவு: 28, 135. அடியில் குறியீட்டு எண் 142.6. நிறையையும் சார்பையும் பெருக்கிக் கூட்டினால் 14,332 வருகிறது. நிறைகளின் கூட்டுத்தொகையான 100-ஆல் வகுத்தால் 143.32. வித்தியாசம் 0.72.

முழு எண்ணாக்கும்போது எந்தச் சார்பும் 0.5-க்கு மேல் நகராது. குறியீட்டு எண் அவற்றின் சராசரிதானே? எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அதுவும் 0.5-க்கு மேல் நகராது. விடையைத் தசமம் ஒன்றோடு நிறுத்தியதற்கு இன்னும் 0.05 கொடுக்கிறேன். 0.72 எங்கிருந்து வந்தது?

நிறைகள் சரியாக நூறு வருகின்றன, அதனால் சந்தேகம் சார்பின் மேல்தான். பெருக்குத்தொகையில் 72 கூடியிருக்கிறது. அதை ஒவ்வொரு நிறையாலும் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போவது 8-க்கும் 12-க்கும்தான். வாடகையில் 6 தப்பியிருக்கலாம். ஆனால் எரிபொருளில் வருவது 9. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்தால் வரும் வித்தியாசம் 9-இன் மடங்காகத்தான் இருக்கும். 145-ஐ 154 என்று அடித்திருக்கிறார்கள்! 145 போட்டால் 14,260, அதாவது சொட்டுக் குறையாமல் 142.6.

இது உங்களுக்குப் புதிதில்லை. குறியீட்டு எண் 200-இலிருந்து 210 ஆனதை "10 சதவீத உயர்வு" என்று தலைப்பிட்டீர்கள். அது 10 புள்ளி, 5 சதவீதம். தொழிலாளர் விலைக் குறியீடு 2020-இல் 2016 அடிப்படைக்கு மாறியபோது, புதிய எண்ணை 2.88 என்ற இணைப்புக் காரணியால் பெருக்காமல் அப்படியே பழைய எண்ணோடு ஒப்பிட்டு "விலைவாசி சரிந்தது" என்று எழுதினீர்கள். அகவிலைப்படியை நம்பியிருக்கும் எங்கள் வீடுகளில் அன்று நல்ல சிரிப்பு. அப்போதும் எழுதினேன். என் கடிதத்தில் "வணக்கம்", "நன்றி" மட்டும் வெட்டுப்படாமல் வந்தன.

அறிவில் சிறந்த தங்கள் குழுவுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், எரிபொருள் 145 என்று திருத்தி முழு அட்டவணையையும் மறுபடி வெளியிடுங்கள். முழு எண்ணாக்கியதாகச் சொன்ன பதிலையும் திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்