தாத்தா உனக்குச் சொல்லிக்கொடுத்த முறுக்குச் சத்தம்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ காட்டிய முறுக்கு மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது, உடைத்தால் உள்ளே மெத்தென்று இருக்கிறது, மாவில்தான் ஏதோ கோளாறு என்கிறாய். மாவில் ஒன்றும் இல்லை. நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுந்து மாவு, கொஞ்சம் வெண்ணெய், எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறாய். எண்ணெய்தான் அதிகமாகக் காய்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கத் தாத்தா உனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார், நீ அப்போது இரண்டாம் வகுப்பு, பாதி மறந்திருக்கும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தென்காசி வீட்டில், தீபாவளிக்கு முந்தின வாரம். தாத்தா பலகாரக் கடையில் சரக்கு மாஸ்டராக இருந்தவர், அதனால் வீட்டில் முறுக்கு சுட்டாலும் அடுப்புப் பக்கம் யாரையும் விடமாட்டார். உன்னை நிலைப்படியில் உட்காரவைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளச் சொன்னார்.

"எட்டிப் பார்க்கக் கூடாது ராசா. தாத்தா முறுக்கைப் போடுவேன், நீ சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே இரு. எப்ப எடுக்கணும்னு நீதான் சொல்லணும்."

முதலில் ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளிப் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்து ஒன்றிரண்டு குமிழ் மட்டும் விட்டால் எண்ணெய் காயவில்லை, சின்னச் சடசடப்போடு உடனே மேலே வந்தால் சரி, போட்டதுமே சிவந்தால் தீயைக் குறைக்க வேண்டும். "தண்ணி தெளிச்சுப் பார்க்கலாமா தாத்தா?" என்று நீ கேட்டாய். அவருக்கு வந்ததே கோபம்! தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கும், அங்கேயே சட்டென்று ஆவியாகி எண்ணெயை மேலே தூக்கி அடிக்கும், முகம் வெந்துபோகும் என்று விளக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்த்தார்.

அப்புறம் நாலு முறுக்கைப் போட்டார். சோவென்று மழை பிடித்த மாதிரி ஒரே இரைச்சல். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் லேசாகக் குறைந்ததும் நீ "இப்ப!" என்று கத்தினாய், அவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார். உடைத்துக் காட்டினார், நடுவில் வெள்ளையாக மாவு. அடுத்த ஈடுக்கு நீ உஷாராகி, சத்தம் அறவே நிற்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அது கருத்துப்போய் லேசாகக் கசந்தது. மூன்றாவது ஈட்டில்தான் அவர் உன் காதருகே குனிந்து, "இரைச்சல் அடங்கி, டிக் டிக்னு குமிழை ஒண்ணொண்ணா எண்ண முடியுதா? அப்ப சொல்லு" என்றார். சொன்னாய். எடுத்து ஆறவைத்து உடைத்தால் உள்ளேயும் மொறுமொறுப்பு.

காரணம் இதுதான். அந்தக் குமிழெல்லாம் எண்ணெயுடையது இல்லை, மாவில் இருக்கும் தண்ணீர். அது 100 டிகிரியில் ஆவியாகும், முறுக்குக்குக் காய்ந்த எண்ணெயோ 170, 180 டிகிரியில் இருக்கும். அதனால் மாவில் தண்ணீர் இருக்கிறவரை அது ஆவியாகிக் குமிழ் விடும், சத்தமும் வரும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் அடங்கும். உன் கடாயில் எண்ணெய் அதிகம் காய்ந்திருந்ததால், உள்ளே தண்ணீர் வற்றும் முன்பே மேல்புறம் சிவந்துவிட்டது. நீ நிறத்தைப் பார்த்து எடுத்துவிட்டாய். அந்த நேரத்தில் கடாய் இன்னும் இரைந்துகொண்டுதான் இருந்திருக்கும். சத்தம் அடங்காமல் நிறம் மட்டும் வந்தால் தீ அதிகம். முறுக்கைப் போட்டும் முனகுகிற மாதிரிதான் சத்தம் வருகிறது, நுரையும் சோம்பலாக இருக்கிறது என்றால் தீ போதாது, அந்த முறுக்கு எண்ணெய் குடித்து விரலெல்லாம் பிசுபிசுக்கும்.

ஆனால் எல்லாப் பலகாரத்துக்கும் இந்தக் கணக்கு செல்லாது. வடை, பஜ்ஜி உள்ளே ஈரமாகத்தான் இருக்க வேண்டும், அவற்றில் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தால் கட்டையாகிவிடும். அதிரசத்தில் வெல்லம் இருப்பதால் சீக்கிரம் கருகும், அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முறுக்கு, தட்டை, ஓமப்பொடி மாதிரி முழுக்கக் காய வேண்டிய பலகாரத்துக்குத்தான் காது.

உன் கடாய் சின்னது, மூன்றுக்கு மேல் போடாதே. நிறையப் போட்டால் எண்ணெய் சூடு இறங்கிவிடும், எந்த முறுக்கின் சத்தம் எது என்றும் தெரியாது. சிம்னி ஓடினால் ஒன்றுமே கேட்காது, கடைசி ஒரு நிமிஷமாவது நிறுத்தி வை. ஞாயிற்றுக்கிழமை மிச்ச மாவைச் சுடும்போது எனக்குப் போன் போட்டு, எண்ணெய் தெறிக்காத தூரத்தில் ஸ்பீக்கரில் வை, நானும் கேட்கிறேன். ஆனால் முதலில் நீ சொல்ல வேண்டும்.

அம்மா