சுற்றறிக்கையின் மூன்றாவது வரியை இன்றே எடுத்துவிடுங்கள்

நம் ஊர் வரி ஆலோசகர்கள், கணக்காளர்கள் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் நான். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட மூன்று வரிச் சுற்றறிக்கை எனக்கும் வந்தது. ஒன்று, டேலி உட்பட வாடிக்கையாளர் டேட்டா முழுவதையும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் வையுங்கள். இரண்டு, அப்படி வைத்தால் தனி பேக்கப் தேவையில்லை. மூன்று, வைரஸ் வந்தால் கிளவுடில் கெட்டுப்போன ஃபைல்களை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, சிஸ்டத்தை ஃபார்மேட் செய்து மறுபடி லாகின் செய்யுங்கள், நல்ல பிரதி தானாக இறங்கிவிடும்.

முதல் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் சண்டை போடலாம். மூன்றாவது வரியால் போன மாதம் ஒரு உறுப்பினரின் டேட்டாவில் ஒரு பகுதி போயே போய்விட்டது. அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்ய இரண்டு நாள்தான் பாக்கி. அலுவலகப் பையன் ஒருவன் ஸ்கேன் செய்த பில்களை ஒன்று சேர்க்க, காசு கொடுக்காமல் ஓடும் ஒரு பிடிஎஃப் எடிட்டரை எங்கிருந்தோ இறக்கினான். இன்ஸ்டால் செய்ததும் திரையில் விண்டோஸ் அப்டேட் ஓடுவது போல ஒரு ஜன்னல். அப்டேட்தானே என்று டீ குடிக்கப் போய்விட்டான். அது அப்டேட் இல்லை. ரான்சம்வேர் என்றால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அதில் ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று சொல்லப்படும் குடும்பம் அப்படித்தான் வேடம் போடும். டிஸ்க் ஓடும் சத்தத்துக்கு ஒரு காரணம் காட்ட வேண்டுமே.

இந்தக் குடும்பம் ஃபைல் முழுவதையும் பூட்டாது. முதல் 150 கேபியைப் பூட்டினாலே எக்செல் திறக்காது, பிடிஎஃப் திறக்காது. அதனால்தான் வேகம். அரை மணி நேரத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. ஃபோல்டருக்கு ஒரு `_readme.txt`. அதில் 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 என்று ஆடித் தள்ளுபடி.

எனக்கு ஃபோன் வந்தபோது அந்த உறுப்பினர் அம்மா சொன்னது இதுதான்: "தம்பி, சிஸ்டத்துல போனா போகட்டும்னு ஃபோன்ல திறந்தேன், அங்கயும் அதே வாலோட நிக்குது. வீட்டு லேப்டாப்லயும் அப்படியேதான் இருக்கு."

நிற்கத்தான் செய்யும். ஒன்டிரைவுக்கு நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்று பிரிக்கத் தெரியாது. நீங்கள் ஒரு பில்லைத் திருத்தினாலும், ரான்சம்வேர் அதே பில்லைப் பூட்டினாலும் அதற்கு இரண்டும் 'ஃபைல் மாறியிருக்கிறது, மேலே ஏற்று' என்பதுதான். ஏற்றியதை வீட்டு லேப்டாப்புக்கும் இறக்கிக் கொடுக்கும். மேகக் குறி போட்டு கிளவுடில் மட்டும் இருந்த பழைய வருடத்து ஃபைல்களும் தப்பவில்லை. வைரஸ் அவற்றைத் திறக்கப் போனதும் ஒன்டிரைவே கீழே இறக்கிக் கொடுத்தது. பூட்டியதும் திரும்ப ஏற்றிக்கொண்டது. சுற்றறிக்கையின் இரண்டாவது வரி இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

ஆனால் ஏற்றும்போது அது பழையதைத் தூக்கி எறிவதில்லை. ஒவ்வொரு முறை ஃபைல் மாறும்போதும் முந்தைய வடிவத்தை `Version history` என்ற பெயரில் பின்னால் அடுக்கி வைக்கிறது. அந்த அம்மாவை ஃபோனிலேயே வலைவாசல் வழியாக ஒன்டிரைவைத் திறக்கச் சொல்லி, வால் முளைத்த ஒரு கொள்முதல் எக்செலைத் தேர்ந்தெடுத்து அந்த மெனுவைத் தொடச் சொன்னேன். மேலே அன்று பகல் 11:52. அதற்குக் கீழே முந்தைய நாள் மாலை 6:15. கீழே உள்ளதை இறக்கி, பெயரின் வாலை வெட்டினார். எக்செல் திறந்தது. மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். ரான்சம்வேர் அதே ஃபைலுக்குள் எழுதிவிட்டுப் பெயரை மாற்றினால், பழைய வடிவம் பெரும்பாலும் வால் முளைத்த ஃபைலுக்குப் பின்னால்தான் இருக்கும். வேறு சில வகைகள் பூட்டிய பிரதியைப் புதிதாக எழுதிவிட்டு அசலை அழித்துவிடும். அப்போது புதிய ஃபைலுக்குப் பின்னால் வரலாறே இருக்காது. அசல் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஆக, முதல் வகையில் நல்ல பிரதி 'கெட்டுப்போன' ஃபைலுக்கு உள்ளே இருக்கிறது, இரண்டாம் வகையில் குப்பைத்தொட்டிக்குள் இருக்கிறது. நம் சுற்றறிக்கை இரண்டையும் அழிக்கச் சொல்கிறது.

நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு பையன் சுற்றறிக்கையைப் பார்த்து வேலையை ஆரம்பித்திருந்தான். ஒரு அரிசி மண்டியின் இரண்டு வருடத்து பில் ஸ்கேன்களை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டான். அது தனிநபர் கணக்கு. தொட்டியைக் காலி செய்தால் அதற்குப் பின்னால் இன்னொரு தொட்டி கிடையாது. அந்த ஸ்கேன்கள் திரும்பவில்லை. மண்டிக்காரரிடம் பில் கட்டுகளை மறுபடி வாங்கி இப்போதுதான் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், எழுதியிருந்ததைத்தான் செய்தான்.

மிச்சத்தை மீட்ட வரிசையைச் சொல்கிறேன். முதலில் எல்லா கம்ப்யூட்டரிலும் நெட்டைப் பிடுங்கினோம். பூட்டுவது வேகம், ஏற்றுவது மெதுவு. பிடுங்கிய நேரத்தில் ஏறாமல் நின்றவை கிளவுடில் சுத்தமாகவே இருந்தன. அடுத்து, வைரஸ் தொடாத வேறு ஃபோனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் வெளியேறும்படி கொடுத்தோம். இந்தக் குடும்பம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல்களையும் கூட்டி வரும். கணக்கே திருடன் கையில் போனால் பழைய வடிவங்களையும் அவனே அழித்துவிடலாம்.

பையன்கள் விண்டோஸின் `Previous Versions` பக்கத்தையும் திறந்து பார்த்திருந்தார்கள். காலி. ரான்சம்வேர்கள் வந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று இது:

```
vssadmin delete shadows /all /quiet
```

கம்ப்யூட்டருக்குள் விண்டோஸ் வைத்திருக்கும் நிழல் பிரதிகளை அது துடைத்துவிடும். கிளவுடில் இருக்கும் வரலாறு வேறு, அந்தக் கட்டளை அங்கே எட்டாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'பழைய பிரதி எதுவும் இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆறாயிரம் ஃபைலை ஒவ்வொன்றாகத் திருப்ப முடியாது. நல்லவேளை, அவர் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டுபவர். சந்தா உள்ள கணக்கில் `Restore your OneDrive` என்று ஒன்று இருக்கிறது. கடந்த 30 நாளின் மாற்றங்களை நாள்வாரியாகத் தூண்களாகக் காட்டும். மற்ற நாள்கள் எறும்புப் புற்று மாதிரி, வைரஸ் வந்த நாள் மட்டும் கோபுரம் மாதிரி நிற்கும். பட்டியலில் ஒரு மாற்றத்தைத் தொட்டால் அதற்குப் பிந்தைய எல்லாம் சேர்ந்து தேர்வாகி, எல்லாம் பின்னோக்கிப் போகும். அந்த நேரத்துக்குப் பிறகு புதிதாக உருவானவை குப்பைத்தொட்டிக்குப் போகும். தப்பான நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த மீட்பையே இன்னொரு முறை திருப்பலாம்.

எந்த நேரத்துக்குத் திருப்புவது என்பதில்தான் நாங்கள் அரை மணி நேரம் தயங்கினோம். அவர் கேட்டது பகல் 11:30. காலையில் போட்ட என்ட்ரிகள் வீணாகக் கூடாதே. நான் முந்தைய நாள் இரவு 8 மணி என்று பிடிவாதம் பிடித்தேன். காரணம் டேலி. ஒரு கம்பெனியின் டேட்டா ஒரே ஃபைல் இல்லை. `.1800` என்று முடியும் பல ஃபைல்கள் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. டேலி திறந்திருக்கும்போது சில ஃபைல்கள் அதன் பிடியில் இருக்கும், ஏறாது. சில ஏறிவிடும். ஆக 11:30-க்கு கிளவுடில் இருந்தது 11:29-இன் ஒரு ஃபைலும் 10 மணியின் இன்னொரு ஃபைலும் கலந்த கதம்பமாக இருக்கலாம். திறந்தாலும் கணக்கு உதைக்கும். இரவு 8 மணிக்கு டேலியை மூடி, சிங்க் முடிந்திருந்தது, எல்லா ஃபைலும் ஒரே நேரத்தவை. காலை என்ட்ரிகள் நாற்பதோ என்னவோ, பில்லைப் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். 3பி நேரத்துக்குப் போய்விட்டது.

கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தது இதற்கெல்லாம் பிறகுதான். வீட்டு லேப்டாப்பில் இன்னொரு பொறி காத்திருந்தது. பழைய ஒன்டிரைவ் ஃபோல்டர் வால் முளைத்த ஃபைல்களோடு அப்படியே கிடந்தது. அதே ஃபோல்டரைக் காட்டி மறுபடி இணைத்திருந்தால், 'இவை மேலே இல்லையே' என்று அத்தனையையும் திரும்ப ஏற்றியிருக்கும். அந்த ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு நகர்த்திவிட்டு, காலி ஃபோல்டரோடு இணைத்தோம். நகர்த்தியதை அழிக்கவில்லை. இந்தக் குடும்பத்தின் சில வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இலவசப் பூட்டுத்திறப்பானை வெளியிட்டது. புதிய வகைகளில், வைரஸ் தன் சர்வரோடு பேச முடியாமல் கைவசம் இருந்த சாவியால் பூட்டியிருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு.

சந்தா இல்லாதவர்களுக்கு இந்த மொத்த மீட்பு கிடையாது. இலவசக் கணக்கில் ஒரு ஃபைலுக்குக் கடைசி 25 வடிவங்கள்தான். கூகுள் டிரைவில் டேலி, எக்செல் போன்றவற்றின் பழைய வடிவம் 30 நாள் அல்லது 100 வடிவம், எது முந்துகிறதோ அதோடு போய்விடும். நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் டேலி ஃபைலுக்கு இந்த எண்ணிக்கை எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், அது உங்கள் தொழில்.

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள். ஓடும் டேலி டேட்டாவை ஒன்டிரைவுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். மாலையில் டேலி மூடும்போது எடுக்கும் பேக்கப் ஃபைலை, நாளுக்கொரு பெயரில், ஒன்டிரைவுக்குள் போடட்டும். வாரம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்கில் எடுத்து, வேலை முடிந்ததும் பிடுங்கி பீரோவில் வைக்கட்டும். பிடுங்காத டிஸ்கையும் வைரஸ் பூட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால், ஒரு பழைய லேப்டாப்பில் ஐம்பது ஃபைலின் பெயரையும் உள்ளடக்கத்தையும் நானே கெடுத்து, எல்லார் முன்னாலும் திருப்பிக் காட்டுகிறேன். அதுவரை காத்திருக்க முடியாதது மூன்றாவது வரி ஒன்றுதான். குழுவில் அதை நீக்கிவிட்டு, 'நெட்டைப் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள்' என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன்