வாரச் சந்தையில் கீரை வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வாரச் சந்தைக்கு வரும் ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

கீரைக்கட்டின் மேல் மினுங்கும் நீர்த்துளியைப் பார்த்தே, அன்று பறித்தது என்று நாம் நம்பிவிடுகிறோம். நம் ஊர் வெயிலில் தண்ணீர் தெளிக்காமல் கீரை விற்க முடியாது. அதற்காக விற்பவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை நாள் கீரை என்பதை அந்த ஈரம் சொல்லாது, தண்டின் அடிதான் சொல்லும். அறுத்துக் கட்டிய அரைக்கீரையில் அறுத்த வாய் வெளிர்பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அது புதியது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் பழையது. கொழுந்துப் பக்கத்துத் தண்டை மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். அடித்தண்டில் இதைச் சோதிக்காதீர்கள், ஏனெனில் முற்றிய தண்டு அன்று பறித்ததானாலும் நாராகத்தான் மடங்கும்.

அடுத்து, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு கட்டின் நடுவை விலக்கிப் பாருங்கள். பறித்த பிறகும் இலை மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால், இறுகக் கட்டிய கட்டின் உள்ளே சூடு சேர்ந்து, மஞ்சளும் வழவழப்பும் அங்கேதான் முதலில் தொடங்கும். உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் கட்டை நான் வாங்குவதில்லை.

அளவில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தும், வாரம் முழுவதற்கும் என்று முருங்கை ஒன்று, அரைக்கீரை இரண்டு, வெந்தயக்கீரை ஒன்று, தண்டுக்கீரை ஒன்று என ஐந்து கட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் முருங்கை இலை மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த வெந்தயக்கீரை அழுகிவிட்டது. இரண்டு கட்டு குப்பைக்குப் போயின.

இப்போது மூன்று கட்டுக்கு மேல் வாங்குவதில்லை. எது முதலில் வாடுமோ அதுவே முதலில் அடுப்புக்குப் போகிறது. முருங்கையை அன்றே உருவித் தண்ணிச்சாறு வைத்துவிடுகிறேன். மறுநாள் அரைக்கீரை மசியல். அந்த ஒரு கட்டு எங்கள் இருவருக்கும் ஒரு வேளைக்குச் சரியாக இருக்கிறது. ஆய்ந்த பிறகு மிஞ்சும் கீரையை வைத்தே உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள், கட்டின் பருமனை வைத்துப் போடாதீர்கள். வேரோடு பிடுங்கிய தண்டுக்கீரை அறுத்த கீரையைவிட நின்று பிடிக்கும் என்பதால், மண்ணை உதறி, கழுவாமல், கட்டைத் தளர்த்தி, ஈரத்துணியில் சுற்றி மூன்றாம் நாளுக்கு வைக்கிறேன். அதற்குள் இலை கொஞ்சம் துவண்டாலும் தண்டு குழம்புக்கு ஆகிவிடும். நான்காம் நாள் கீரை வேண்டுமென்றால், காலையில் தெருவில் கூடையோடு வருபவரிடம் ஒரு கட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சந்தைக்கு வரும் உங்களில் ஒருத்தி