முதலில் நகல், அப்புறம் ஏற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன் நினைவகம் நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். "படங்களை இணையச் சேவையில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து நீக்கிவிடுங்கள், அதுவே உங்கள் பேக்கப்" என்ற வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

"நீக்கிவிடுங்கள்" என்றால் எப்படி நீக்குவது? இடத்தைக் காலி செய்வதற்கென்று செயலி தரும் பொத்தானை அழுத்தினால் போனில் உள்ள பிரதி மட்டும் போகும். அதே செயலியில் படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத் தொட்டியை அழுத்தினால் போனிலும் போகும், இணையத்திலும் போகும். ஏனென்றால் அங்கே நடப்பது ஒத்திசைவு. ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்வதுதான் அதன் வேலை. என் அக்கா இரண்டாவது வழியில்தான் நீக்கினார். அழித்த படங்களைச் சேவைகள் 30 நாளோ 60 நாளோதான் வைத்திருக்கும். மகளின் சிறுவயதுப் படம் ஒன்றை அவர் தேடியபோது அந்தக் கெடுவும் முடிந்திருந்தது. உங்கள் கட்டுரையாளருக்கு இந்த வேறுபாடு தெரியாமலா இருக்கும்? வாசகருக்குச் சொல்ல ஒரு வரி இடம் கிடைக்கவில்லையா?

சரி, படங்கள் பத்திரமாகவே இருக்கட்டும். திரும்பி எடுக்கும்போது எப்படி வரும் என்பதையும் நீங்கள் எழுதுவதில்லை. அப்பாவின் பழைய போட்டோக்களைத் தம்பி ஸ்கேன் செய்து ஒரு சேவையில் ஏற்றினான். ஒவ்வொன்றும் எப்போது எடுத்தது என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, அந்தத் தளத்திலேயே தேதி போட்டேன். பின்னாளில் எல்லாவற்றையும் இறக்கினோம். பல ஜிப் கோப்புகளாக வந்தன. பிரித்துப் பார்த்தால் தாத்தா காலத்துப் படமும் என் திருமணப் படமும் ஸ்கேன் செய்த வருடத்தில் வரிசையாக நிற்கின்றன. நான் போட்ட தேதி எந்தப் படத்துக்குள்ளும் இல்லை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் .json என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு இருந்தது. தேதி அதற்குள் கிடந்தது. படம் பார்க்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ExifTool என்ற இலவச நிரலை வைத்துத் தம்பி தேதிகளைப் படங்களுக்குள் எழுதிப் பார்த்தான். பெயர் நீளமான படங்களுக்கு .json கோப்பின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதனால் ஜோடி சேராமல் நின்றவற்றை ஒவ்வொன்றாகக் கையால் பொருத்தினோம். ஏற்றுவதற்கு முன்பே படத்துக்குள் தேதியை எழுதி ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எந்தப் பத்திரிகையும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இது இன்று நேற்றுக் குறையல்ல. கூகுள் போட்டோஸ் 2015-இல் அளவில்லாமல் இலவசம் என்று வந்தபோது உங்கள் இதழ் முழுப் பக்கம் கொண்டாடியது. அந்த இலவசம் சுருக்கிச் சேமித்த படங்களுக்குத்தான் என்பது அதில் இல்லை. 2021 ஜூன் 1-ஆம் தேதி அந்தச் சலுகை நின்றபோது ஒரு பெட்டிச் செய்திகூட வரவில்லை. படங்களைப் பகிரும் தளமான ஃப்ளிக்கர் 2018-இல் இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அறிவித்ததோ, மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2016-க்கு முன் ஏற்றிய படங்களும் பாடல்களும் சர்வர் மாற்றத்தில் போய்விட்டதாக 2019-இல் தெரியவந்ததோ ஆசிரியர் அறியாதது அல்ல. அப்போதே கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை. இடம் இருந்திருக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஏற்றுவதற்கு முன்பே போனைக் கேபிளில் கணினியுடன் இணைத்து, கேமராவில் எடுத்த படங்கள் இருக்கும் DCIM ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டக் கூடாது. பாதியில் கேபிள் கழன்றால் இரண்டு பக்கமும் குறையும். வாட்ஸ்அப் படங்கள் வேறு ஃபோல்டரில் இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். நடுவில் சில படங்களையும் ஒரு நீளமான வீடியோவையும் டிஸ்கிலிருந்தே கடைசிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம் எந்தச் சேவையில் வேண்டுமானாலும் ஏற்றட்டும். ஏற்றி, போனைக் காலி செய்த பிறகு இதைத் தொடங்கினால் பயனில்லை. கேலரியில் படம் தெரிந்தாலும் போனில் அசல் இருக்காது, கேபிள் வழியே டிஸ்குக்கும் வராது.

கட்டுரை வந்த அளவு எழுத்திலேயே அந்தத் திருத்தமும் வரவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையை நம்பி நீக்கத் தொடங்கியவர்களுக்கு மீட்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே ஒரு இதழ்கூடத் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி